ஒரே ஆள், இரண்டு மதிப்பெண்: தர அளவுகோல்களின் நம்பகத்தன்மை

அடிக்கோலோ தராசோ வைத்து அளக்க முடியாதவற்றை எண்ணாக்கித் தருவதற்காக உருவானவை தர அளவுகோல்கள். மனச்சோர்வு, வேலையில் மனநிறைவு, தூக்கத்தின் தரம், ஓர் அரசியல் கருத்தின் மீதுள்ள பிடிப்பு எதுவாக இருந்தாலும் ஏற்பாடு ஒன்றுதான். சில வாக்கியங்கள் தரப்படும். ஒவ்வொன்றுக்கும் எதிரே படிப்படியாக ஏறும் விடைகள் இருக்கும். பதில் சொல்பவர் தமக்குப் பொருந்தும் படியைக் குறிப்பார். படிகளுக்குரிய எண்களைக் கூட்டினால் மொத்த மதிப்பெண் கிடைக்கும்.

இந்த வடிவத்தைப் பரவலாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வு 1932இல் வெளிவந்தது. சர்வதேச உறவுகள், ஏகாதிபத்தியம், இன உறவுகள் ஆகியவற்றில் மாணவர்களின் மனப்பான்மையை அளப்பதே அதன் நோக்கம். அதற்கு முன்பு புழக்கத்தில் இருந்தது லூயி தர்ஸ்டனின் முறை. அதில் ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் நடுவர்கள் பலர் படித்து, பதினொரு அடுக்குகளாகப் பிரித்து, எடை போட்டுத் தரவேண்டும். உழைப்பு மிகுந்த வேலை அது. லிக்கர்ட் நடுவர்களையே விலக்கிவிட்டார். விடைகளுக்கு 1 முதல் 5 வரை நேரடியாக மதிப்பெண் கொடுத்துக் கூட்டிப் பார்த்தார். சிக்கலான புள்ளியியல் கணக்கு தந்த மதிப்பெண்களும் இந்த எளிய கூட்டலும் ஏறக்குறைய முழுமையாக ஒத்துப்போயின. இன்று கணக்கெடுப்புப் படிவங்களில் பரவலாகக் காணப்படும் ஐந்து விடை வரிசை இந்த எளிமையிலிருந்து வந்ததுதான்.

எளிமைக்கு ஒரு விலை உண்டு. அடிக்கோலில் சென்டிமீட்டர் என்பது எங்கும் ஒரே நீளம். ‘உடன்படுகிறேன்’ என்பதற்கும் ‘முழுமையாக உடன்படுகிறேன்’ என்பதற்கும் உள்ள தூரமோ ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே ஆளிடமே காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் இருக்கக்கூடும். எனவே எந்த அளவுகோலைக் கையில் எடுத்தாலும் முதலில் எழும் கேள்வி இது: அளக்கப்படும் நிலை மாறாமல் இருக்கும்போது மதிப்பெண்ணும் மாறாமல் இருக்கிறதா? மாறுகிறது என்றால் எவ்வளவு? இதற்கான பதிலைத்தான் நம்பகத்தன்மை என்கிறோம்.

இதைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் சார்லஸ் ஸ்பியர்மன். 1904இல் அவர் முன்வைத்த எண்ணம் மிகச் சுருக்கமானது. கிடைக்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் இரண்டு பகுதிகளால் ஆனது. ஒன்று அந்த ஆளின் உண்மையான நிலை. மற்றொன்று தற்செயலாக ஒட்டிக்கொண்ட பிழை. பிழை சில நேரம் மதிப்பெண்ணைக் கூட்டும், சில நேரம் குறைக்கும். பலருடைய மதிப்பெண்களை ஒரு சேரப் பார்த்தால் அவர்களுக்கிடையே ஏற்றத்தாழ்வு தெரியும். அந்த ஏற்றத்தாழ்வில் எத்தனை பங்கு உண்மையான வேறுபாட்டால் வந்தது என்பதே நம்பகத்தன்மைக் கெழு. அது 0.84 என்றால், மதிப்பெண்களின் ஏற்றத்தாழ்வில் நூற்றுக்கு 84 பங்கு மெய்யான வேறுபாடு, 16 பங்கு பிழை என்று பொருள்.

சிக்கல் என்னவென்றால், உண்மையான நிலையை யாரும் நேரில் பார்க்க முடியாது. கையில் இருப்பது குறிக்கப்பட்ட விடைகள் மட்டுமே. ஆகவே பிழையின் அளவை மறைமுகமாகத்தான் பிடிக்க வேண்டும். அதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதே ஆளிடம் அதே படிவத்தை இன்னொரு முறை கொடுப்பது. மற்றொன்று, ஒரே முறை கொடுத்த படிவத்துக்குள்ளேயே ஒரு வாக்கியத்தின் விடையை மற்றொன்றோடு ஒப்பிடுவது.

இரண்டையும் பார்க்க நல்ல உதாரணம் பிஹெச்கியூ-9 என்ற மனச்சோர்வுப் படிவம். உலகின் பல நாடுகளில் மருத்துவமனைகளில் பயன்படும் இதை குர்ட் குரோன்கி, ராபர்ட் ஸ்பிட்சர், ஜேனட் வில்லியம்ஸ் மூவரும் 2001இல் சோதித்து வெளியிட்டனர். இதில் 9 கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமின்மை, மனம் தளர்தல், தூக்கக் குறைபாடு, களைப்பு, பசி மாற்றம் போன்றவை எத்தனை நாள் தொல்லை கொடுத்தன என்று கேட்கும். ‘இல்லவே இல்லை’ என்றால் 0, ‘சில நாட்கள்’ 1, ‘பாதிக்கும் மேற்பட்ட நாட்கள்’ 2, ‘ஏறக்குறைய எல்லா நாளும்’ 3. மொத்தம் 0 முதல் 27 வரை போகும். 5, 10, 15, 20 ஆகிய எண்கள் லேசானது, மிதமானது, சற்றுக் கடுமையானது, கடுமையானது என்ற எல்லைகளைக் குறிக்கின்றன. 10ஐத் தொட்டவரை மருத்துவர் விரிவாக விசாரிக்க வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. படிவம் தானாக நோயை முடிவு செய்வதில்லை.

இப்படி ஓர் எல்லைக்கோடு போட்டுவிட்டால் மதிப்பெண்ணின் தள்ளாட்டம் வெறும் புள்ளியியல் கவலையாக நின்றுவிடுவதில்லை. திங்கட்கிழமை 9 வாங்கியவர் புதன்கிழமை 11 வாங்கினால், இடையில் அவர் நிலையில் எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும், ஒரு நாள் கோட்டுக்கு இந்தப் பக்கமும் இன்னொரு நாள் அந்தப் பக்கமும் நிற்கிறார்.

மறு சோதனை முறையில் பெரிய கேள்வி இடைவெளி எவ்வளவு என்பதுதான். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டால், முன்பு எதைக் குறித்தோம் என்பது நினைவில் இருக்கும். அதையே திரும்பக் குறித்துவிடுவார்கள். அப்போது கிடைப்பது அளவுகோலின் சீர்மையா, ஆளின் ஞாபகசக்தியா என்று பிரிக்க முடியாது. மூன்று மாதம் கழித்துக் கேட்டால் மனநிலையே மாறியிருக்கலாம்; அந்த மெய்யான மாற்றத்தைப் பிழையின் கணக்கில் எழுதிவிடும் ஆபத்து உண்டு. எனவே எது அளக்கப்படுகிறதோ அதன் போக்கைப் பார்த்துத்தான் இடைவெளியை வைக்க வேண்டும். ஆளுமைப் பண்புகளுக்குச் சில வாரங்கள் விட்டாலும் பாதகமில்லை. வலி போன்ற ஒன்றுக்குச் சில மணி நேரமே அதிகமாகிவிடும்.

பிஹெச்கியூ-9 கேட்பது கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி. இரண்டு நாள் கழித்துக் கேட்டாலும் அந்த இரண்டு வாரங்களில் பெரும்பகுதி பழைய நாட்களாகவே இருக்கும். அதனால் ஆய்வாளர்கள் 48 மணி நேரத்துக்குள் மனநல நிபுணர் ஒருவரைத் தொலைபேசியில் பேச வைத்து அதே கேள்விகளைக் கேட்டனர். நோயாளி தாமே நிரப்பிய மதிப்பெண்ணுக்கும் தொலைபேசியில் கிடைத்த மதிப்பெண்ணுக்கும் இடையே ஒட்டுறவுக் கெழு 0.84 என்று வந்தது. இரு முறையும் சராசரி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

இந்தக் கடைசி வாக்கியத்தைப் பல ஆய்வுகள் எழுத மறந்துவிடுகின்றன. ஒட்டுறவுக் கெழு பார்ப்பது ஒருவருக்கொருவர் உள்ள ஒப்பீட்டு நிலையை மட்டும்தான். இரண்டாம் முறை எல்லாருடைய மதிப்பெண்ணும் ஒரே சீராக 3 ஏறினாலும் கெழு சரியாக 1 என்றே நிற்கும். கெழுவை மட்டும் பார்ப்பவர் அளவுகோல் குறையில்லாதது என்பார். ஆனால் 8 வாங்கிய அத்தனை பேரும் 11க்குப் போய் எல்லைக்கோட்டைத் தாண்டியிருப்பார்கள். ஆகவே கெழுவோடு இரு முறைச் சராசரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அல்லது இந்த நகர்வையும் பிழையாகக் கணக்கிடும் வேறு கெழுவைப் பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது வழி உள்ளிசைவைப் பார்ப்பது. ஒரே ஆளை இரண்டு முறை பிடிப்பது நடைமுறையில் கடினம். பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். வருபவர்களும் வேறு மனநிலையில் வருவார்கள். அதற்குப் பதிலாக, பத்து வாக்கியங்கள் உள்ள படிவத்தை ஐந்து ஐந்தாகப் பிரித்து, ஒரு பாதியின் மொத்தமும் மறு பாதியின் மொத்தமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கலாம். ஆனால் அப்போது கிடைப்பது ஐந்து வாக்கியப் படிவத்தின் நம்பகத்தன்மை. பத்து வாக்கியத்துக்கு அதைச் சரிசெய்யும் சூத்திரத்தை 1910இல் ஸ்பியர்மனும் வில்லியம் பிரவுனும் தனித்தனியே வெளியிட்டனர். பாதிகளுக்கிடையே 0.6 இருந்தால் முழுப் படிவத்துக்கு 0.75 என்று அது சொல்லும். வாக்கியங்கள் கூடும்போது அங்கங்கே ஏறியும் இறங்கியும் விழும் பிழைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் நம்பகத்தன்மை உயர்கிறது.

படிவத்தை எப்படிப் பாதியாக்குவது என்பதில் தகராறு வந்தது. முதல் ஐந்து, கடைசி ஐந்து என்று பிரித்தால் ஒரு விடை. ஒற்றை எண், இரட்டை எண் என்று பிரித்தால் வேறொரு விடை. எந்தப் பிரிவையும் சாராமல் எல்லா வாக்கியங்களையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளும் கணக்கை லீ க்ரான்பாக் 1951இல் எழுதிய கட்டுரை பிரபலமாக்கியது. அவர் அதற்கு ஆல்ஃபா என்று பெயர் வைத்தார். இன்று அளவுகோல் பயன்படும் ஆய்வுகளில் இந்த எண் இல்லாத கட்டுரையைப் பார்ப்பது அரிது.

ஆல்ஃபா எப்படி வேலை செய்கிறது என்பதைச் சிறு கணக்கில் பார்க்கலாம். தூக்கத்தின் தரத்தை அளக்க நான்கு வாக்கியங்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது, ‘படுத்தவுடன் தூக்கம் வந்துவிடுகிறது.’ இரண்டாவது, ‘இரவு முழுவதும் ஒரே சீராகத் தூங்குகிறேன்.’ மூன்றாவது, ‘காலையில் எழும்போது உடம்பு தெளிவாக இருக்கிறது.’ நான்காவது, ‘பகலில் கண்ணைச் சுழற்றிக்கொண்டு தூக்கம் வருகிறது.’ சிறிதும் உடன்படாதவருக்கு 1, முழுமையாக உடன்படுபவருக்கு 5. ஐந்து பேரின் விடைகள் இவை:

| | வாக்கியம் 1 | வாக்கியம் 2 | வாக்கியம் 3 | வாக்கியம் 4 |
|---|---|---|---|---|
| அ | 5 | 4 | 5 | 2 |
| ஆ | 4 | 4 | 4 | 1 |
| இ | 3 | 3 | 2 | 3 |
| ஈ | 2 | 2 | 3 | 4 |
| உ | 1 | 2 | 1 | 5 |

நான்காம் வாக்கியம் மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. நன்றாகத் தூங்குபவர் அதற்குக் குறைந்த எண்ணைக் குறிப்பார். கூட்டுவதற்கு முன் அதைத் திருப்பிப் போட வேண்டும்: 1ஐ 5 ஆக, 2ஐ 4 ஆக. அதாவது 6இலிருந்து கழிக்க வேண்டும். திருப்பியபின் ஐந்து பேரின் மொத்த மதிப்பெண்கள் 18, 17, 11, 9, 5.

இப்போது ஒவ்வொரு வாக்கியத்தின் எண்களும் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். பள்ளிக் கணக்கில் வரும் விலக்க வர்க்கச் சராசரி இதற்குப் போதும். நான்கு வாக்கியங்களுக்கும் அது முறையே 2, 0.8, 2, 2, கூட்டினால் 6.8. மொத்த மதிப்பெண்களின் விலக்க வர்க்கச் சராசரியோ 24. இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியில்தான் விஷயம் இருக்கிறது. வாக்கியங்களுக்கு ஒன்றோடொன்று எந்த உறவும் இல்லையென்றால், மொத்தத்தின் பரவலும் 6.8 அளவிலேயே நின்றிருக்கும். ஒருவருக்கு ஒரு வாக்கியம் ஏறும்போது மற்றவையும் சேர்ந்து ஏறுவதால்தான் அது 24 வரை விரிந்தது. ஆல்ஃபா இந்த விரிவை அளக்கிறது. 6.8ஐ 24ஆல் வகுத்து, 1இலிருந்து கழித்து, வாக்கியங்கள் நான்கு என்பதால் 4/3ஆல் பெருக்க வேண்டும்:

α = (4/3) × (1 − 6.8/24) = 0.96

ஐந்து பேரை வைத்து யாரும் அளவுகோலைச் சோதிக்க மாட்டார்கள். கையால் போட்டுப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்பதற்கான எண்கள் இவை. உண்மையான சோதனைக்கு நூற்றுக்கணக்கானோர் தேவை.

நான்காம் வாக்கியத்தைத் திருப்ப மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை இதே அட்டவணை காட்டும். மொத்தங்கள் 16, 13, 11, 11, 9 ஆகிவிடும். இடைவெளி சுருங்கி, விலக்க வர்க்கச் சராசரி 24இலிருந்து 5.6க்கு வீழும். ஆல்ஃபா −0.29. நம்பகத்தன்மை பூச்சியத்துக்குக் கீழே போவதற்குப் பொருளே கிடையாது. அப்படி ஓர் எண் திரையில் வந்தால் எதிர்த்திசை வாக்கியம் ஒன்று திருப்பப்படாமல் கிடக்கிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆய்வு மாணவர்கள் அளவுகோலைக் குறை சொல்லித் தூக்கிப்போடுவதற்கு இந்தச் சிறு பிசகும் காரணமாக இருக்கக்கூடும். இருபது வாக்கியப் படிவத்தில் ஒன்று திரும்பாமல் இருந்தால் ஆல்ஃபா எதிர்மறையாகப் போகாது. சற்றே குறையும், அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு வாக்கியமும் மற்றவற்றின் கூட்டுத்தொகையோடு எப்படி நகர்கிறது என்பதைத் தனியே பார்ப்பது வழக்கம். ஒன்று மட்டும் எதிர்க்குறியோடு நின்றால் அதைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

எதிர்த்திசை வாக்கியம் இவ்வளவு தொல்லை என்றால் அதை ஏன் சேர்க்க வேண்டும் என்ற கேள்வி எழலாம். எதைக் கேட்டாலும் ‘ஆமாம்’ என்று தலையாட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. எல்லா வாக்கியமும் ஒரே திசையில் இருந்தால் அப்படிப்பட்டவர் படிவம் முழுக்க 5 குறித்துவிட்டுப் போவார். வாக்கியங்கள் அழகாக ஒத்துப்போகும், ஆல்ஃபா உயரும், ஆனால் அளக்கப்பட்டது அவருடைய இசைவுப் பழக்கமே தவிர தூக்கம் அல்ல. எதிர்த்திசை வாக்கியம் அதைக் காட்டிக்கொடுக்கும். அதை எழுதும்போது ‘இல்லை’ சேர்த்து எழுதுவதுதான் தவறு. ‘நான் களைப்பாக இல்லை’ என்ற வாக்கியத்துக்கு ‘உடன்படவில்லை’ என்று குறிக்க வேண்டியவர் இரண்டு மறுப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொள்வார். அவசரத்தில் கை தவறான கட்டத்துக்குப் போகும். ‘பகலில் தூக்கம் வருகிறது’ என்பதுபோல, எதிர்நிலையை நேராகச் சொல்லும் வாக்கியமே நல்லது.

பிஹெச்கியூ-9இன் ஆல்ஃபா பொது மருத்துவ நோயாளிகளிடம் 0.89, மகளிர் மருத்துவப் பிரிவில் 0.86 என்று 2001ஆம் ஆண்டு ஆய்வில் பதிவானது. 9 கேள்விகள் மட்டுமே உள்ள படிவத்துக்கு இது நல்ல எண். படிவத்தில் குறை இல்லாமலும் இல்லை. ‘தூங்க முடியாமை அல்லது அதிகமாகத் தூங்குதல்’ என்று ஒரே கேள்வியில் இரண்டு எதிர்நிலைகள் இருக்கின்றன. பசியைப் பற்றிய கேள்வியும் அப்படித்தான். மனச்சோர்வு சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், சிலரை நாள் முழுக்கப் படுக்கவைக்கும் என்பதால் மருத்துவர்கள் தெரிந்தே அப்படி வைத்தார்கள். சாதாரணப் படிவங்களில் அந்த நியாயம் இருப்பதில்லை. ‘ஆசிரியர் தெளிவாகவும் பொறுமையாகவும் பாடம் நடத்துகிறார்’ என்ற வாக்கியத்துக்கு, தெளிவு இருந்து பொறுமை இல்லாத ஆசிரியரின் மாணவர் எதைக் குறிப்பார்? ஒரு நாள் தெளிவை நினைத்துக் குறிப்பார், மறுநாள் பொறுமையை நினைத்துக் குறிப்பார்.

ஆல்ஃபா உயர்ந்திருந்தால் அளவுகோல் நல்லது என்ற எண்ணம் ஆய்வு உலகில் ஆழமாக வேரூன்றிவிட்டது. அது பாதிதான் சரி. வாக்கியங்களுக்கிடையே சராசரி ஒட்டுறவு 0.3 என்ற எளிய நிலையை எடுத்துக்கொள்வோம். ஐந்து வாக்கியம் இருந்தால் ஆல்ஃபா 0.68. பத்து என்றால் 0.81. இருபது என்றால் 0.90. வாக்கியங்களின் தரம் இம்மியளவும் கூடவில்லை. எண்ணிக்கை மட்டும் கூடியது. இதற்கு நேர்மாறான குறுக்குவழியும் உண்டு. ‘மனம் சோர்வாக இருக்கிறது’, ‘மனம் தளர்ந்திருக்கிறது’, ‘மனம் வாடியிருக்கிறது’ என்று ஒன்றையே மூன்று விதமாகக் கேட்டால் விடைகள் ஒட்டிக்கொண்டு வரும், ஆல்ஃபா 0.95ஐக்கூடத் தாண்டலாம். மனச்சோர்வின் தூக்கம், பசி, களைப்பு, கவனக்குறைவு ஆகிய முகங்களோ அளக்கப்படாமலே போகும். ஆகவே மிக உயர்ந்த ஆல்ஃபாவைக் கண்டால் பாராட்டுவதற்கு முன் வாக்கியங்களைப் படித்துப் பார்க்க வேண்டும். தம் கணக்கு இப்படிக் கண்மூடித்தனமாகப் பயன்படுவதைக் க்ரான்பாக்கும் அறிந்திருந்தார். அவர் மறைந்தபின் 2004இல் வெளியான கட்டுரையில், நம்பகத்தன்மையை ஆராய ஆல்ஃபாவே தலைசிறந்த வழி என்று தாம் இனிக் கருதவில்லை என்று பதிவுசெய்திருந்தார்.

விடைப் படிகள் எத்தனை இருக்க வேண்டும் என்பதில் நெடுநாள் விவாதம் உண்டு. ஆனால் பலன் சிறியதே. இரண்டு மூன்று படிகள் போதாது. ஐந்திலிருந்து ஏழு வரை கூட்டினால் நம்பகத்தன்மை சற்று உயர்கிறது, அதன்பின் தேங்கிவிடுகிறது. 2000இல் பிரஸ்டன், கோல்மன் இருவரும் நடத்திய ஒப்பீட்டில், படிகள் பத்தைத் தாண்டியபோது மறு சோதனைச் சீர்மை இறங்கத் தொடங்கியது. 101 படிகள் கொடுத்தால் 63க்கும் 67க்கும் உள்ள வேறுபாட்டை யாரும் மனத்தில் வைத்துக்கொண்டு பதில் சொல்வதில்லை.

கெழு 0.84 என்பது ஆய்வாளருக்குப் புரியும். படிவத்தை நிரப்பியவருக்கும் அவரைப் பார்க்கும் மருத்துவருக்கும் தேவை வேறொன்று: இந்த மதிப்பெண் எவ்வளவு முன்பின் ஆகலாம்? அதற்குப் பதில் சொல்வது அளவீட்டுத் திட்டப் பிழை. மதிப்பெண்களின் திட்ட விலக்கத்தை, 1இலிருந்து நம்பகத்தன்மையைக் கழித்துக் கிடைக்கும் எண்ணின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். ஒரு நோயாளிக் கூட்டத்தில் பிஹெச்கியூ-9 மதிப்பெண்ணின் திட்ட விலக்கம் 5 என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. 1 − 0.84 = 0.16, அதன் வர்க்கமூலம் 0.4, 5 × 0.4 = 2. அதாவது நிலை மாறாத ஒருவரின் மதிப்பெண்கூட வழக்கமாக 2 புள்ளி அளவில் ஆடும். நூற்றுக்கு 95 பேருக்கு அந்த ஆட்டம் இரு பக்கமும் 4 புள்ளிக்குள் அடங்கும். 10 என்று வந்த மதிப்பெண்ணை 6 முதல் 14 வரை எங்கோ என்று படிப்பதே நேர்மை.

இரண்டு மதிப்பெண்களை ஒப்பிடும்போது ஆட்டம் இன்னும் கூடும். ஏனெனில் இரண்டிலும் பிழை இருக்கிறது. 2ஐ √2ஆல் பெருக்கினால் 2.8, அதன் 95 சதவீத எல்லை சுமார் 5.5. சிகிச்சைக்கு முன் 14, ஒரு மாதம் கழித்து 11 என்று இறங்கியவரிடம் ‘மருந்து வேலை செய்கிறது’ என்று சொல்ல அந்த 3 புள்ளி போதாது. எதுவும் நடக்காமலே அவ்வளவு மாறலாம். 14 என்பது 7 ஆனால் பேச்சு வேறு. பிஹெச்கியூ-9 மதிப்பெண் 5 புள்ளியாவது மாறினால்தான் மருத்துவ ரீதியில் பொருட்படுத்தத் தக்கது என்ற நடைமுறை விதியும் இந்த எல்லைக்கு அருகில்தான் வருகிறது.

பிழைக்கு இன்னொரு விளைவும் உண்டு. திட்டங்களை மதிப்பிடுபவர்கள் அடிக்கடி இதில் சறுக்குகிறார்கள். கூட்டத்தின் சராசரி 5 என்றும் நம்பகத்தன்மை 0.84 என்றும் வைத்துக்கொள்வோம். மதிப்பெண் அதிகம் வாங்கியவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், அவர்களில் அன்றைய பிழை மேல்நோக்கி விழுந்தவர்கள் சற்று அதிகமாகவே இருப்பார்கள். தேர்ந்தெடுத்தவர்களின் சராசரி 15 என்றால், எந்தச் சிகிச்சையும் தராமல் மறுபடி அளந்தாலே அது 13.4க்கு இறங்கும்: 5 + 0.84 × 10. அந்த 1.6 புள்ளி இறக்கத்தை ஆலோசனை முகாமின் வெற்றி என்று அறிக்கையில் எழுதிவிடலாம்; எழுதவும் செய்கிறார்கள். அதே அளவு மதிப்பெண் உள்ள, முகாமுக்கு வராத இன்னொரு குழுவையும் சேர்த்து அளந்தால்தான் இந்த மாயம் கலையும்.

நம்பகத்தன்மை இருப்பதாலேயே அளவுகோல் சொன்னதைத்தான் அளக்கிறது என்றாகாது. ஒருவரின் தலைச் சுற்றளவை நாடா வைத்து எத்தனை முறை அளந்தாலும் ஒரே எண்தான் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை அறிவுக்கூர்மையின் அளவாகக் கருதியவர்கள் பலர். அளவீட்டில் சீர்மைக்குப் பஞ்சமில்லை, அளந்தது வேறொன்று. இந்த ஏற்புடைமையைத் தனியாகச் சோதிக்க வேண்டும். பிஹெச்கியூ-9ஐ உருவாக்கியவர்கள், அதன் மதிப்பெண்ணைப் படிவத்தைப் பார்க்காத மனநல நிபுணரின் நேர்காணல் முடிவோடு ஒப்பிட்டனர். 10ஐ எல்லையாக வைத்தபோது, பெரும் மனச்சோர்வு உள்ளவர்களில் 88 சதவீதத்தினரைப் படிவம் சரியாகப் பிடித்தது. இல்லாதவர்களில் 88 சதவீதத்தினரைச் சரியாக விட்டது. ஆனால் தலைகீழாகப் பார்த்தால் தப்ப வழியில்லை. மதிப்பெண் தன்னோடு தானே ஒத்துப்போகவில்லையென்றால் வேறு எதனோடும் ஒத்துப்போக முடியாது. நம்பகத்தன்மை குறையும் அளவுக்கு, மற்ற எதனோடும் அதற்குள்ள ஒட்டுறவும் மங்கித் தெரியும். ஸ்பியர்மன் 1904இல் இந்தக் கணக்கில் இறங்கியதே இந்த மங்கலைச் சரிசெய்யத்தான்.

கடைசியாக ஒரு குழப்பம். ‘இந்தப் படிவத்தின் நம்பகத்தன்மை 0.84’ என்று சொல்வது வழக்கம் என்றாலும் அந்த எண் படிவத்தின் மேல் அச்சிட்ட முத்திரை அல்ல. குறிப்பிட்ட கூட்டத்தில் கிடைத்த மதிப்பெண்களுக்கு உரியது. மேலே வந்த கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். அளவீட்டுத் திட்டப் பிழை 2, திட்ட விலக்கம் 5 என்றபோது நம்பகத்தன்மை 0.84. இதே படிவத்தைக் கடுமையான மனச்சோர்வு உள்ளவர்கள் மட்டும் வரும் பிரிவில் கொடுத்தால் எல்லாருடைய மதிப்பெண்ணும் நெருங்கியிருக்கும். திட்ட விலக்கம் 3 என்று வைத்துக்கொள்வோம். பிழை அதே 2தான். ஆனால் நம்பகத்தன்மை 1 − 4/9, அதாவது 0.56 ஆகிவிடும். படிவம் கெட்டுப்போகவில்லை, ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக்காட்ட அங்கே வேறுபாடு குறைவு. படிவத்தை வேறு மொழிக்குக் கொண்டுபோகும்போதும், நகரத்து மருத்துவமனையில் சோதித்ததைக் கிராமத்தில் வாய்மொழியாகக் கேட்கும்போதும், வளர்ந்தவர்களுக்கு எழுதியதைப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுக்கும்போதும் பழைய கெழுவை மேற்கோள் காட்டிவிட்டு நகர முடியாது. அந்தக் கூட்டத்தில் புதிதாகக் கணக்கிட்டு, கெழுவோடு திட்ட விலக்கத்தையும் அளவீட்டுத் திட்டப் பிழையையும் சேர்த்துப் பதிவுசெய்ய வேண்டும். கெழு இறங்கியது பிழை கூடியதாலா, வேறுபாடு சுருங்கியதாலா என்பதை அந்த மூன்று எண்களும் சேர்ந்து இருந்தால்தான் படிப்பவர் பிரித்தறிய முடியும்.